மருத்துவர் பதில்: ஜெர்மன் மருந்துத் தாளில் “மிக அரிது” என்று இருந்தால்?

கேள்வி: வேலை விஷயமாக லைப்சிக் வந்திருக்கிறேன். பல்வலிக்கு நோவமின்சுல்ஃபோன் சொட்டு மருந்து தந்தார்கள். பெட்டிமேல் 20-20-20-0 என்று எழுதியிருக்கிறது. உள்ளே இருக்கும் தாளிலோ 40, 160 என்று எண்கள். எது சரி? தொண்டை வலியும் பக்கவிளைவுகளில் வருகிறது, ஆனால் பக்கத்தில் “ஸேர் ஸெல்டன்”, அதாவது மிக அரிது என்று போட்டிருக்கிறது. எனக்கு நேற்றிலிருந்து தொண்டை வலிக்கிறது. பயப்பட வேண்டுமா?

பதில்: அடுத்த வேளைச் சொட்டைப் போடாதீர்கள். இன்றே ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். மற்றதெல்லாம் பிறகு.

இந்த மருந்தின் பொதுப்பெயர் மெட்டமிசோல். நம் ஊர்ப் பெரியவர்கள் அனால்ஜின் என்று அறிந்தது இதுதான். வலிக்கு நன்றாகக் கேட்கும். ஆனால் சிலருக்கு ரத்தத்தில் கிருமிகளோடு போராடும் வெள்ளணுக்களை ஏறக்குறைய இல்லாமல் செய்துவிடும். தாளில் அதன் பெயர் அக்ரனுலோட்சிடோஸெ. அப்போது முதலில் தெரிவது தொண்டை வலி, காய்ச்சல், குளிர் நடுக்கம், வாய்ப்புண். “ஸேர் ஸெல்டன்” என்றால் 10,000 பேரில் ஒருவருக்கும் குறைவு (ஜெர்மன் தாளில் 10.000 என்று புள்ளி வைத்து அச்சிடுவார்கள்). அந்தச் சொல் எத்தனை பேருக்கு வரும் என்பதை மட்டுமே சொல்கிறது. வந்தால் எவ்வளவு கடுமையாக இருக்கும் என்பதைச் சொல்வதில்லை. கவனிக்காமல் விட்டால் இது உயிரைப் பறிக்கும். மருந்தை நிறுத்திய சில நாட்களிலும் வரலாம்.

உங்களுக்கு வந்திருப்பது சாதாரணச் சளியாகவே இருக்கலாம். ஆனால் தொண்டையைப் பார்த்து அதை உறுதி செய்ய முடியாது, வெள்ளணுக்களின் வகைவாரி எண்ணிக்கைதான் சொல்லும். மருந்துப் பெட்டியைக் காட்டி, “ஹால்ஸ்ஷ்மெர்ட்ஸன், ப்ளுட்பில்ட் பிட்டெ” என்றால் போதும்: தொண்டை வலி, ரத்தப் பரிசோதனை வேண்டும் என்று பொருள். மருத்துவமனை மூடிய நேரமென்றால் 116117-ஐ அழையுங்கள். காய்ச்சலோ நடுக்கமோ சேர்ந்தால் காத்திருக்காமல் நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

அளவு பற்றி. தாளின் 3-ஆம் பகுதி அளவு, 4-ஆம் பகுதி பக்கவிளைவு. ஐரோப்பிய ஒன்றியத்தின் மருந்துத் தாள்கள் எல்லாவற்றிலும் இதே வரிசைதான். அட்டவணையில் “ஐன்ட்செல்டோசிஸ்” என்பது ஒருவேளை அளவு. 53 கிலோவுக்கு மேற்பட்ட பெரியவருக்கு 20 முதல் 40 சொட்டு, அதாவது 500 முதல் 1000 மில்லிகிராம். “டாகெஸ்மாக்ஸிமால்டோசிஸ்” என்ற பத்தியில் இருக்கும் 160, ஒரு நாள் முழுவதற்குமான உச்சவரம்பு. அதை ஒரே வேளையில் குடித்தால் 4 கிராம் போய்விடும், ரத்த அழுத்தம் ஆபத்தாகச் சரியலாம். பெட்டிமேல் எழுதியது காலை, மதியம், மாலை 20 சொட்டு, இரவில் இல்லை என்பது. உங்களுக்கென்று எழுதித் தந்த அளவு அதுதான்.

சிறுநீர் சிவப்பாகப் போனால் பயம் வேண்டாம், மருந்து சிதைந்து வெளியேறும் நிறம் அது. பல்வலிக்கு வேறு மாத்திரையை அதே பல் மருத்துவரிடம் கேளுங்கள். வெள்ளணுக்கள் குறைந்திருப்பது தெரிந்தால் மெட்டமிசோலை வாழ்நாளில் மறுபடி தொடக்கூடாது, அதை எங்கு போனாலும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.