ரெஃபரன்ஸ் முடிந்தது, அதற்குப் பிறகு சத்தமே இல்லை

"ரெஃபரன்ஸ் எல்லாம் பார்த்து முடிந்தது, அடுத்த கட்டத்தைச் சீக்கிரம் சொல்றோம்னு எச்.ஆர். போன செவ்வாய்க்கிழமை சொன்னாங்க. இன்றைக்குத் திங்கள். அட்டனில் இருக்கிறேன், வேலை கொழும்பில. கோல் எடுக்கவா?"

இன்றைக்கு வேண்டாம். ஐந்து வேலை நாள் முடிந்து, புதன் காலை ஈமெயில் அனுப்புங்கள். இடையில் போயா வந்திருந்தால் வியாழன். புது மெயில் வேண்டாம். அவர் கடைசியாக அனுப்பியதற்கே பதிலாகப் போடுங்கள், பழைய பேச்சு கீழேயே இருக்கும்.

மூன்று வரி போதும்: "ரெஃபரன்ஸ் முடிந்ததாகச் செவ்வாய்க்கிழமை அறிவித்தீர்கள், நன்றி. முடிவை எந்தத் திகதியளவில் எதிர்பார்க்கலாம்? எனக்கு ஒரு மாத நோட்டீஸ் இருப்பதால் கேட்கிறேன்." திகதி கேட்டால் பதில் எழுதுவது அவருக்கும் சுலபம். "ஏதும் தெரியுமா" என்று கேட்டால் "பார்த்துச் சொல்றோம்" என்றுதான் வரும்.

தாமதத்துக்குக் காரணம் சம்பளத்துக்கான ஒப்புதலாக இருக்கலாம். எச்.ஆர். வேலை முடிந்தாலும் மேலிடத்துக் கையெழுத்து வராமல் கடிதம் அடிக்க முடியாது.

அதற்குள் ஒன்று பாருங்கள். தோட்டப்பக்கம் சிக்னல் விட்டுவிட்டு வரும், அவர்கள் எடுத்த கோல் உங்களுக்கு வராமலே போயிருக்கலாம். 011இல் தொடங்கும் தவறிய அழைப்பு இருக்கிறதா, ஸ்பாமில் மெயில் கிடக்கிறதா என்று பாருங்கள். உங்கள் ரெஃபரிகளிடமும் கேளுங்கள்: எப்போது சேரலாம் என்று விசாரித்திருந்தால் நல்ல அறிகுறி, உறுதி அல்ல. இரண்டாவது ஆளையும் கையில் வைத்திருப்பார்கள்.

நியமனக் கடிதம் கைக்கு வரும்வரை இப்போதைய வேலையை விட்டுவிடாதீர்கள்.