2016-இல் செய்த ‘பர்ஃபம்’ இருக்கவே முடியாது: பழைய பாட்டிலை வாங்குமுன் பார்க்க வேண்டியவை

கேள்வி: ப்ளூ டி ஷனேல் பர்ஃபம் 100 மிலி, திறந்தது, எழுபது சதவீதம் மீதி இருக்கிறது என்று ஒருவர் விற்கிறார். 2016 தயாரிப்பாம், இப்போது வருவதைவிட வாசனை அழுத்தமாக நிற்குமாம். பெட்டியிலும் பாட்டிலிலும் ஒரே பேட்ச் கோடு, அதாவது தயாரிப்புத் தொகுதி எண், இருக்கிறது. புதுப் பாட்டில் விலையில் முக்கால்வாசி கேட்கிறார். இது அசலா, இந்த விலை நியாயமா?

பதில்: முதலில் அந்த 2016-ஐ எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் சிக்கல் அங்கேதான் இருக்கிறது. ப்ளூ டி ஷனேல் என்ற பெயரில் 2010-இல் வந்தது ஓ டி டாய்லெட் என்ற மென்மையான வகை. 2014-இல் அதைவிட அடர்த்தியான ஓ டி பர்ஃபம் வந்தது. வெறும் ‘பர்ஃபம்’ என்று பெயர் போட்டு வந்தது 2018-இல்தான். ஆக, 2016-இல் செய்த பர்ஃபம் என்று ஒன்று கிடையாது. ஆனால் இதை வைத்து உடனே போலி என்று முடிவு கட்டிவிடாதீர்கள், மூன்று வழியில் இப்படி நேரலாம்.

ஒன்று, பாட்டிலில் இருப்பது ஓ டி பர்ஃபமாக இருக்கலாம், விற்பவர் பேச்சுவழக்கில் பர்ஃபம் என்று சொல்லியிருப்பார். பெயருக்குக் கீழே உள்ள சிறிய எழுத்தைப் படமெடுத்து அனுப்பச் சொன்னால் இது ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். அடுத்தது, உண்மையிலேயே போலி. மூன்றாவதைத்தான் பலரும் யோசிப்பதில்லை. ஷனேலின் பேட்ச் கோடு நான்கே இலக்கம். வரிசையாக ஏறிக்கொண்டே போய் தீர்ந்ததும் மறுபடி முதலிலிருந்து தொடங்கும், ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய எட்டு ஆண்டு ஆகும். அதனால் 2016 என்று படிக்கக்கூடிய கோடு 2024-ஆகவும் இருக்கலாம். இணையத்தில் கோடைப் போட்டுத் தேதி பார்க்கும் பக்கங்கள் இதில் எந்தச் சுற்று என்று சரியாகச் சொல்லும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. விற்பவர் அப்படி ஒரு பக்கத்தில் போட்டுப் பார்த்து, வந்த தேதியை நம்பி, ‘பழைய சரக்கு’ என்று விலையை ஏற்றியிருக்கலாம். அப்படியானால் பாட்டில் அசல்தான், ஆனால் அது புதுச் சரக்கு, பழசு என்பதற்காகக் கூடுதலாக ஒரு பைசா தர வேண்டியதில்லை.

அந்தத் தேதிப் பக்கங்களைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவை பாட்டிலைச் சோதிப்பதில்லை, எழுத்து எண் அமைப்பைப் பார்த்துத் தேதி கணக்கிடுகின்றன, அவ்வளவுதான். நீங்கள் மனம்போன போக்கில் நான்கு இலக்கம் தட்டினாலும் ஒரு தேதி வரும். டியோரில் கோடின் முதல் எண் ஆண்டின் கடைசி இலக்கம், அடுத்து வரும் எழுத்து மாதம். அங்கேயும் பத்து ஆண்டுக்கு ஒருமுறை அதே எண் திரும்பி வரும். எனவே கோடைப் படிப்பதோடு அந்த வாசனைத் திரவியம் சந்தைக்கு வந்த ஆண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அறிமுகத்துக்குச் சில மாதம் முன்பே தயாரிப்பு தொடங்கியிருக்கும், அது இயல்பு. இரண்டு மூன்று ஆண்டு முன்னால் போனால், அதுவும் சுற்றுக்கணக்கில் வேறு ஆண்டுக்கு வாய்ப்பே இல்லையென்றால், அந்தப் பாட்டிலை விட்டுவிடுங்கள்.

அப்புறம் ‘பெட்டியிலும் பாட்டிலிலும் ஒரே கோடு’ என்பது. பொருந்தாவிட்டால் பெரிய விஷயம்: பெட்டி வேறு பாட்டிலுடையது, அல்லது போலி. பொருந்தினால் ஒன்றும் நிரூபணமாகாது, ஏனென்றால் போலி செய்பவர்கள் ஓர் அசல் பாட்டிலின் கோடை எடுத்து ஆயிரக்கணக்கில் அச்சடிக்கிறார்கள், பெட்டியிலும் அதையே போட அவர்களுக்கு என்ன கஷ்டம்? கோடு சுரண்டப்பட்டிருந்தாலும் போலி என்று அர்த்தமில்லை. அங்கீகாரம் இல்லாத வழியில் சரக்கைக் கைமாற்றும் வணிகர்கள், யாரிடமிருந்து வெளியே போனது என்று தெரியாமலிருக்க, கோடை அழிப்பதுண்டு. ஆனால் அப்படிப்பட்ட பாட்டிலின் வயதைச் சொல்ல வழியில்லை, அதற்கு விலையில் குறைத்துக் கேட்பதுதான் நியாயம்.

சரி, மூடிக்கு வருவோம். இந்த வகையில் மூடி காந்தத்தால் பிடிக்கும். நேரில் பார்க்க முடிந்தால், மூடியை வேண்டுமென்றே கொஞ்சம் கோணலாக வைத்துக் கையை எடுத்துவிடுங்கள். அசல் மூடி தானாகவே திரும்பி, பாட்டிலின் பக்கங்களோடு நேராக ஒட்டிக்கொள்ளும். மலிவான போலியில் காந்தம் இருக்கும், பிடிக்கவும் பிடிக்கும், ஆனால் திருப்பாது, வைத்த கோணத்திலேயே கோணலாக நிற்கும். இன்னும் மட்டமானதில் காந்தமே இருக்காது, இறுக்கத்தில் நிற்கும், எடுக்கும்போது பிளாஸ்டிக் உரசும் சத்தம் கேட்கும். மூடியைக் கவிழ்த்து உள்ளேயும் பாருங்கள். ஓரத்தில் பிளாஸ்டிக் பிசிறு, பசை வழிந்த தடம், மேலே பின்னிய இரண்டு ‘சி’ எழுத்தும் நடுவிலிருந்து நகர்ந்து இருப்பது எல்லாமே கெட்ட அறிகுறி. நேரில் பார்க்க முடியாதென்றால் இந்தக் கோணல் சோதனையைப் பத்து விநாடி வீடியோவாக எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அசல் வைத்திருப்பவருக்கு இதில் சிரமம் ஒன்றும் இல்லை. சாக்குச் சொல்பவரிடம் நான் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுவேன்.

நல்ல போலிகளில் இப்போது திரும்பும் காந்தமும் வைக்கிறார்கள். அதனால் மூடி சோதனையில் தோற்றால் கதை முடிந்தது, ஜெயித்தால் அடுத்த சோதனைக்குப் போகலாம், அவ்வளவுதான் அதன் மதிப்பு.

கண்ணாடியைப் பார்க்க ஒரு டார்ச் போதும், போன் வெளிச்சமே போதும். இந்தப் பாட்டில் சும்மா வைத்துப் பார்த்தால் கறுப்பு மாதிரி இருக்கும், பின்னாலிருந்து வெளிச்சம் அடித்தால் ஆழ்ந்த நீலம் தெரியும். அந்த நீலம் மூலைக்கு மூலை ஒரே சீராக இருக்க வேண்டும். திட்டுத்திட்டாகவோ, பாட்டிலின் மேல் வண்ணம் தெளித்த மாதிரி விளிம்பில் மெலிந்தோ இருந்தால் சந்தேகப்படுங்கள். அப்புறம் அடிப்பகுதி. அசலில் அடிக் கண்ணாடி கனமாக, உள்தளம் மட்டமாக இருக்கும். போலியில் உள்தளம் ஒரு பக்கம் சரிந்து, சுவர் ஓரிடத்தில் தடித்து ஓரிடத்தில் மெலிந்து கிடக்கும், சில சமயம் குமிழிகூட இருக்கும். கண்ணாடி வார்த்த அச்சு இணைந்த தடம் மிக மெலிதாக அசலிலும் தெரியலாம், அதற்காகப் பயப்பட வேண்டாம். நகத்தால் தடவும்போது வரம்பு மாதிரி தட்டுப்பட்டால்தான் பிரச்சினை.

மூடியை எடுத்தபின் ஸ்ப்ரேயைச் சுற்றியுள்ள கழுத்துப் பட்டையை உன்னிப்பாகப் பாருங்கள். திறந்த பாட்டிலில் இதுதான் முக்கியம் என்பேன். இதுபோன்ற பாட்டில்களில் ஸ்ப்ரே பம்பைத் திருகி மூடுவதில்லை, உலோகப் பட்டையைக் கழுத்தோடு அழுத்தி இறுக்கிவிடுவார்கள். அதைக் கழற்றினால் தடம் விழாமல் இருப்பது கடினம்: இடுக்கிக் கீறல், நசுங்கிய ஓரம், பிடித்துத் திருகினால் பட்டை சுழல்வது, சாய்த்தால் கழுத்தில் கசிவு. காலியான அசல் பாட்டில்களைக் காசு கொடுத்து வாங்கி, உள்ளே வேறு எதையாவது ஊற்றி விற்கும் வேலையும் நடக்கிறது. அப்போது மூடி, கண்ணாடி, கோடு மூன்றும் அசலாகவே இருக்கும், திரவம் மட்டும் பொய். இந்த இடத்தில் பாட்டிலைப் பார்த்துச் சொல்வதற்கு ஓர் எல்லை வந்துவிடுகிறது. பட்டை சுத்தமாக இருந்து, அடித்தால் துளித்துளியாகத் தெறிக்காமல் மெல்லிய புகை மாதிரி பரந்து விழுந்தால், கடையில் இருக்கும் சாம்பிளோடு ஒரே நாளில் இரண்டு காகிதப் பட்டையில் அடித்து, நாலைந்து மணி நேரம் கழித்து முகர்ந்து பாருங்கள். முதல் ஐந்து நிமிட வாசனையைப் போலிக்காரர்கள் நன்றாகவே ஒத்துவரச் செய்கிறார்கள், அடிவாசனையில்தான் பெரும்பாலும் மாட்டிக்கொள்வார்கள்.

இனி விலை. எழுபது சதவீதம் மீதி என்கிறாரே, அதை எப்படி அளந்தார் என்று கேளுங்கள். இருண்ட பாட்டில், தடித்த அடி. மேசையில் வைத்து வெளியிலிருந்து பார்த்தால் அடிக் கண்ணாடியின் உயரமும் திரவத்தோடு சேர்ந்து கணக்கில் வந்துவிடும். பின்னால் வெளிச்சம் வைத்து, உள்தளத்திலிருந்து தோள்பட்டை வரை அளக்க வேண்டும். ஓர் உதாரணத்துக்கு அது 8 செ.மீ., திரவம் நிற்பது 4.8 செ.மீ. என்று வையுங்கள். மீதி 60 சதவீதம். இதே பாட்டிலை 2 செ.மீ. அடிக் கண்ணாடியையும் சேர்த்து அளந்தால் 10-க்கு 6.8, எழுபதை ஒட்டி வந்துவிடும். விற்பவர் பொய் சொன்னார் என்றுகூடச் சொல்ல முடியாது, ஆனால் பத்து மிலி காற்றுக்குப் பணம் கொடுப்பீர்கள்.

அடுத்து, எந்த விலையை அடிப்படையாக எடுப்பது? பெட்டியின் மேல் ஒட்டியிருக்கும் விலையை எடுக்காதீர்கள், நம்பகமான கடையில் இன்று உண்மையாகக் கிடைக்கும் விலையை எடுங்கள். அதை நூறு என்று வைப்போம். 60 மிலி மீதி என்றால் 60. திறந்த பாட்டில், உள்ளே இருப்பதை முழுதாக உறுதி செய்ய முடியாது, திருப்பிக் கொடுக்கவும் முடியாது, அதற்காக நான் கால் பங்கு கழிப்பேன், 45 ஆகிறது. பெட்டி இல்லாவிட்டாலோ, வெயில் படும் அலமாரியில் வைத்திருந்தது தெரிந்தாலோ இன்னும் ஐந்து குறையும். ஆக, அளந்து பார்த்து மீதி 60 மிலி என்று வந்தால் உங்கள் பாட்டிலுக்கு 40 முதல் 45 வரை நியாயம். அவர் கேட்கும் 75-க்கு இன்னும் கொஞ்சம் சேர்த்தால் பிரிக்காத பாட்டிலே கடையில் கிடைத்துவிடும். பழைய தயாரிப்பு என்பதற்காக விலை ஏறுவது நிறுத்தப்பட்ட வகைகளில், அல்லது கலவை மாறியது நன்றாகத் தெரிந்த வகைகளில் நடக்கும். இதில் தயாரிப்பு ஆண்டே நிச்சயமில்லை, அந்தப் பேச்சுக்கு இடமே இல்லை.

மறுபக்கமும் ஒன்று உண்டு. ஷனேல் தன் சரக்கு எங்கே விற்கப்படுகிறது என்பதை இறுக்கமாகப் பிடித்து வைத்திருக்கும் நிறுவனம், புதுப் பாட்டில் பெரிய தள்ளுபடியில் வெளியே வருவது அரிது. அதனால் இதே ஆள் நாளைக்கு ‘பிரிக்காத பாட்டில் ஒன்றும் இருக்கிறது, 40-க்குத் தருகிறேன்’ என்றால், சந்தோஷப்பட வேண்டிய இடமில்லை அது.

இப்போதைக்கு அவரிடம் நான்கு படம் கேளுங்கள்: பெயருக்குக் கீழே உள்ள சிறிய எழுத்து, பாட்டில் அடியும் பெட்டி அடியும் ஒரே படத்தில், மூடி இல்லாத கழுத்துப் பட்டை, பின்னால் டார்ச் வைத்த முழுப் பாட்டில். எல்லாவற்றிலும் அன்றைய தேதி எழுதிய துண்டுச் சீட்டு பக்கத்தில் இருக்கட்டும், இல்லையென்றால் யாரோ எடுத்த படத்தை அனுப்பிவிடுவார்கள். கூடவே மூடி வீடியோ. எல்லாம் சரியாக இருந்து மீதியும் 60 மிலி என்றால் 40-இல் பேச்சைத் தொடங்கி 45-இல் முடியுங்கள், அதற்கு மேல் போக வேண்டாம்.