முதல் வரியே வசவாக வரும்போது

"நான் ஒரு ஃபைபர் இணைய இணைப்பு அலுவலகத்தில் வாட்ஸ்அப் புகார்களுக்குப் பதில் எழுதுகிறேன். பல செய்திகளில் 'தண்டம்', 'பணம் வாங்க மட்டும் தெரியும்' என்பதைத் தவிர வேறெதுவும் இருப்பதில்லை. படித்ததும் கை நடுங்குகிறது. என்ன எழுதுவது?"

அன்புச் சகோதரிக்கு,

இதே வேலையில் சில ஆண்டுகள் இருந்தவள் என்பதால் அந்த நடுக்கத்தை அறிவேன். உடனே பதில் எழுதத் தொடங்காமல், செய்தி வந்த எண்ணை முதலில் உங்கள் கணினியில் தேடுங்கள். அவருடைய மாதக் கட்டணம் முடிந்துவிட்டதா, அவர் வீட்டுக் கருவி எத்தனை மணிக்குத் தொடர்பை இழந்தது, அதே ஸ்ப்ளிட்டரிலிருந்து இணைப்புப் பெறும் மற்ற வீடுகளும் அந்நேரத்தில் நின்றனவா என்ற மூன்றையும் பாருங்கள். தேடுவதற்கு ஆகும் அந்த இரண்டு நிமிடத்தில் கையும் அடங்கிவிடும், எழுதுவதற்கு விஷயமும் கிடைத்துவிடும்.

எல்லா வீடுகளும் ஒன்றாக நின்றிருந்தால் பெரும்பாலும் தெருவில் கேபிள் அறுந்திருக்கும். அப்போது அவரிடம் கேட்பதற்கு ஒன்றுமில்லை. தடங்கல் எப்போது தொடங்கியது, ஆள் போயிருக்கிறாரா, அடுத்த தகவலை எத்தனை மணிக்குத் தருவீர்கள் என்று எழுதி, வேலை முடியாவிட்டாலும் அந்த மணிக்கு எழுதிவிடுங்கள்.

அவர் வீடு மட்டும் நின்றிருந்தால், எழுந்து போய்ப் பார்த்தே சொல்லிவிடக்கூடிய ஒரே ஒரு கேள்வியைக் கேளுங்கள். ஓர் இரவு 9.40-க்கு எனக்கு, "உங்களுக்கெல்லாம் எதுக்கு ஒரு ஆபீஸ்?" என்று மட்டும் செய்தி வந்தது. கட்டணம் பாக்கியில்லை, பக்கத்து வீடுகளில் இணைப்பு இருந்தது. "உங்கள் இணைப்பு 9.15-லிருந்து நின்றிருப்பதை இங்கே பார்க்கிறேன். பெட்டியில் LOS என்று அச்சிட்ட விளக்கு சிவப்பாக மின்னுகிறதா?" என்று எழுதினேன். "ஆமா, அதுக்கென்ன இப்போ?" என்று பதில் வந்தது. அந்தச் சிவப்பு, கருவிக்கு ஒளி வந்து சேரவில்லை என்பதற்கு அடையாளம். பின்னால் உள்ள மெல்லிய கம்பி எங்காவது மடங்கியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லி, முனையைக் கழற்ற வேண்டாம், விரல் பட்டு அழுக்கானால் ஒளி இன்னும் குறையும் என்றும் எழுதினேன். அன்று இரவுதான் கட்டிலை நகர்த்தியிருக்கிறார்கள். கம்பி அதன் காலுக்கும் சுவருக்கும் இடையில் நசுங்கியிருந்தது. தளர்த்தியதும் இணைப்பு வந்தது. கம்பி உள்ளே முறிந்திருந்தால் இது உதவியிருக்காது, மறுநாள் ஆள்தான் போயிருக்க வேண்டும்.

"மரியாதையாகப் பேசவும்" என்று நான் எழுதியிருந்தால் விளக்கைப் பற்றிய பதில் எனக்கு வந்திருக்காது. "சிரமத்துக்கு வருந்துகிறோம்" என்ற வழக்கமான பத்தியும் வேண்டாம், கோபத்தில் இருப்பவருக்கு அது இன்னும் எரிச்சலூட்டும். தவறு உங்கள் அலுவலகத்துடையதானால் மட்டும், எந்தத் தவறு என்று குறிப்பிட்டு ஒரே வரியில் மன்னிப்புக் கேளுங்கள்.

உங்கள் கேள்விக்கும் வசவே பதிலாக வந்தால் அதே கேள்வியை இன்னும் ஒருமுறை கேட்டு, தொலைபேசியில் அழைக்கலாமா என்றும் கேளுங்கள். மிரட்டலோ ஆபாசமோ வந்தால் அதை அழிக்காமல் மேலாளரிடம் காட்டி, அந்த உரையாடலை அவரிடமே ஒப்படைத்துவிடுங்கள்.