நித்திரைக் குளிசை மூளைக்குள் என்ன செய்கிறது? கேள்வி பதில்

வன்னி ஆஸ்பத்திரிகளில் நெடுங்காலம் மருந்தாளராக இருந்து ஓய்வு பெற்ற நம் உறுப்பினர் ஒருவர் பதில் சொல்கிறார்.

வவுனியா, தாதிய மாணவி: ஐயா, டயசிபாம் காபா மாதிரி வேலை செய்யும் எண்டு ஒரு நோட்ஸில இருக்கு. மூளையில காபாவைக் கூட்டும் எண்டு இன்னொண்டில இருக்கு. எதைப் படிக்கிறது?

இரண்டையும் விடுங்கோ தங்கச்சி. காபா என்பது மூளையில் நரம்புக்கலங்களை அடக்கி வைக்கும் இரசாயனம். நித்திரைக் குளிசையான டயசிபாம் அந்தக் காபாவைப் போல நடிப்பதும் இல்லை, அதன் அளவைக் கூட்டுவதும் இல்லை.

நரம்புக்கலம் சும்மா இருக்கும்போது அதன் உட்புறம் வெளிப்புறத்தை விட ஏறத்தாழ 65 மில்லிவோல்ற் மறையாக இருக்கும். அது மறை 55 அளவுக்கு ஏறினால் கலம் ஒரு கணத்தாக்கத்தை அனுப்பிவிடும். காபா வாங்கி என்பது ஐந்து புரதத் துண்டுகள் வட்டமாகச் சேர்ந்தது, நடுவில் குளோரைட்டுக்கான கால்வாய். மூளையில் அதிகம் காணப்படும் வகையில் இரண்டு அல்பா, இரண்டு பீற்றா, ஒரு காமா. அல்பாவும் பீற்றாவும் சந்திக்கும் இரண்டு இடங்களில் காபா வந்து ஒட்டினால் கால்வாய் திறக்கும், குளோரைட்டு உள்ளே வரும், கலம் மறை 70 பக்கமாக இழுபடும். அந்த நேரம் வேறு நரம்பு வந்து தூண்டினாலும் 55ஐத் தொடுவது கஷ்டம்.

டயசிபாம் உட்காரும் இடம் வேறு. அது அல்பாவும் காமாவும் சந்திக்கும் இடம். அங்கே அது தனியாக இருந்தால் கால்வாய் திறக்காது. காபாவும் வந்திருந்தால், அதே அளவு காபாவுக்குக் கால்வாய் அடிக்கடி திறக்கும். லொறியில் பவர் பிறேக் பூட்டினது போலத்தான். மெல்ல மிதித்தாலும் நல்லாப் பிடிக்கும், ஆனால் கால் வைக்காவிட்டால் ஒன்றும் இல்லை. டயசிபாமுக்கு ஒரு உச்சவரம்பு இருப்பதும் இதனால்தான்: மூளை தானாக விடுகிற காபாவுக்கு மேலே அதனால் போக முடியாது.

பரந்தன், ஓய்வு பெற்ற அதிபர்: நித்திரை வரவைக்கிற மருந்தெல்லாம் இந்த ஒரே வழிதான் என்று விளங்குகிறது. தடிமனுக்குக் குடிக்கிற பிரிட்டோனும் இதில் சேர்த்திதானே?

சேராது சேர். பிரிட்டோன் விழிப்பைத் தாங்கி நிற்கும் ஹிஸ்டமீனைத் தடுக்கிறது, காபா வாங்கியோடு அதற்குக் கொடுக்கல் வாங்கல் இல்லை. ஆனால் நீங்கள் சொன்னதில் பாதி சரி. டயசிபாம், பீனோபார்பிட்டோன், சத்திரசிகிச்சைக்கு ஏற்றும் புரொப்போபோல் எல்லாம் அந்த ஒரே வாங்கியில்தான், வேறு வேறு இடங்களில் இருக்கின்றன.

வற்றாப்பளைப் பக்கம், ஒரு மகள்: அப்பா ஒவ்வொரு நாளும் குடிக்கிறவர். அம்மாளின்ர பொங்கலுக்கு விரதம் எண்டு குடியை ஒரேயடியா விட்டார். முதல் நாள் பின்னேரமே கை நடுங்கிச்சு, வேர்த்துக் கொட்டிச்சு. அடுத்த நாள் விடிய வலிப்பு. விரதத்தில ஏதோ பிழை விட்டதாலதான் எண்டு அயலில கதைக்கினம். இதுக்கு முதல் அவருக்கு வலிப்பு வந்ததே இல்லை.

பிள்ளை, விரதத்தில் ஒரு பிழையும் இல்லை. விட்ட விதம்தான் ஆபத்தானது. நீங்கள் எழுதிய நேரக் கணக்கே அதைச் சொல்கிறது.

சாராயமோ கசிப்போ, அதிலுள்ள மதுசாரம் காபாவின் வேலையைக் கூட்டி விடுகிறது. அது வாங்கியில் நேரே எங்கே பிடிக்கிறது என்பதில் ஆய்வாளர்களுக்குள் இன்னும் இழுபறி இருக்கிறது, விளைவில் இல்லை. வருசக்கணக்காக ஒவ்வொரு நாளும் இப்படி நடந்தால் மூளை தன்னைச் சரிக்கட்டிக்கொள்ளும். கலத்தின் மேலே நிற்கிற காபா வாங்கிகளில் ஒரு பங்கை உள்ளே இழுத்துவிடும், மிஞ்சினவற்றின் துண்டுகளையும் மாற்றிவிடும். மறுபக்கம், தூண்டிவிடுகிற குளுற்றமேற்றின் வாங்கிகள் கூடும். அப்பா குடித்துவிட்டுச் சாதாரணமாக நடமாடியது இந்தச் சமநிலையில்தான்.

குடி ஒரேயடியாக நின்றதும் மதுசாரம் சில மணித்தியாலத்தில் உடம்பை விட்டுப் போய்விடும். வாங்கிகள் திரும்பி வர நாட்கள், கிழமைகள் எடுக்கும். அந்த இடைவெளிதான் ஆபத்து. ஆறு எட்டு மணித்தியாலத்தில் நடுக்கம், வியர்வை. வலிப்பு வருவதானால் பெரும்பாலும் 6 இலிருந்து 48 மணித்தியாலத்துக்குள். இரண்டாம் நாளிலிருந்து நாலாம் நாள்வரை இன்னொன்றையும் கவனிக்க வேணும்: இல்லாத ஆளோடு கதைப்பது, சுவரில் பூச்சி ஊருது என்று தட்டுவது, இடம் நேரம் தெரியாமல் எழும்பி ஓடுவது, காய்ச்சல். அது உயிரை எடுக்கக்கூடியது. வலிப்பு நின்றுவிட்டது என்று அவரை வீட்டில் வைத்திருக்க வேண்டாம், இன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கோ.

அங்கே குளோர்டயசிபொக்சைட் அல்லது டயசிபாம் கொடுத்து, நாளுக்கு நாள் குறைத்து, ஒரு கிழமை அளவில் நிறுத்துவார்கள். மதுசாரம் விட்டுப்போன அதே வாங்கியில் வேலை செய்யும் மருந்து என்பதால்தான் அது. தயமின் ஊசியும் போடுவார்கள். அது வேறு காரணத்துக்கு, குடிகாரர் உடம்பில் அந்த விற்றமின் வற்றிப்போயிருக்கும். இனி ஒருமுறை குடித்து, ஒருமுறை விட்டால் வலிப்பு வரும் வாய்ப்பு கூடத்தான் செய்யும். அதனால் அடுத்த தடவையும் டொக்டரிடம் சொல்லிவிட்டே விடச் சொல்லுங்கோ.

மாங்குளம், கமக்காரர்: இந்தக் கதைக்குள்ள ஒண்டு கேக்கிறன். முந்தி மிளகாய்க்கு அடிச்ச எண்டோசல்பான் குடிச்ச ஆக்களுக்கு வலிப்பு வாறது. மற்றப் பூச்சிமருந்து குடிச்சா வாயால நுரைதான் தள்ளும். ஏன் அண்ணை வித்தியாசம்?

நல்லாப் பார்த்திருக்கிறீர்கள். நுரை தள்ளுவது, கண்மணி ஊசிமுனை அளவுக்குச் சுருங்குவது, வேர்ப்பது எல்லாம் ஓர்கனோபொஸ்பேற்று வகை. அசற்றைல்கோலினை உடைக்கும் நொதியத்தை அது முடக்குகிறது. எண்டோசல்பான் போய் அடைப்பது, மேலே சொன்ன அந்தக் குளோரைட்டுக் கால்வாயின் நடுத் துவாரத்தையே. காபா வந்து ஒட்டும், ஆனால் குளோரைட்டு உள்ளே வராது. அதனால் நுரை பெரிதாக இல்லாமல், வலிப்புக்கு மேல் வலிப்பு. அடைபடாமல் மிஞ்சின கால்வாய்களைப் பலப்படுத்த டயசிபாம் ஏற்றுவார்கள், அது மாற்றுமருந்து அல்ல. கனக்கக் குடித்திருந்தால் அதுவும் போதாது. இலங்கையில் அதை 1998இல் தடை செய்தார்கள்.

பிப்ரோனில் என்கிற மருந்தும் பூச்சியின் காபாக் கால்வாயைத்தான் அடைக்கிறது. பூச்சியின் கால்வாயில் மிக இறுக்கமாகப் பிடிக்கும், மனிதரின் கால்வாயில் அவ்வளவு இல்லை. அதற்காக முகமூடி இல்லாமல் அடிக்கலாம் என்று எடுத்துக்கொள்ளாதேங்கோ.

ஒட்டுசுட்டான், வார்ட் ஊழியர்: ஒரு பெடியனை வலிப்போட ஓட்டோவில கொண்டு வந்தினம், வர ஒரு மணித்தியாலத்துக்கு மேல. டயசிபாம் ரெண்டு தரம் ஏத்தியும் நிக்கேல்ல. மருந்து காலாவதியோ?

காலாவதி பார்க்கலாம், ஆனால் அந்த ஒரு மணித்தியாலமே காரணமாக இருந்திருக்கலாம். வலிப்பு நீளும்போது காபா வாங்கிகள் கலத்தின் மேற்பரப்பில் இருந்து உள்ளே இழுபடுகின்றன. பிடிக்க வாங்கி இல்லாவிட்டால் டயசிபாம் எதைப் பலப்படுத்தும்? ஐந்தாம் நிமிடத்தில் வலிப்பை நிறுத்தக்கூடிய அதே ஊசி அறுபதாம் நிமிடத்தில் நிறுத்தாமல் போகலாம். அதனால்தான் இரண்டு தரத்துக்கு மேல் அதையே ஏற்றிக்கொண்டு நிற்காமல் பெனிற்றோயின் போன்ற வேறு வழி மருந்துக்கு மாறுகிறார்கள்.

பீனோபார்பிட்டோனும் ஏற்றுவது உண்டு. அது ஒவ்வொரு திறப்பையும் நீளமாக்குகிறது, அளவு கூடினால் காபா இல்லாமலே கால்வாயைத் திறந்துவிடும். டயசிபாமுக்கு இருக்கிற உச்சவரம்பு இதற்கு இல்லை, சுவாசத்தையே நிறுத்திவிடலாம். ஓட்சிசன் அளவைப் பார்த்தபடி நில்லுங்கோ.

நெடுங்கேணி, மகன்: அம்மாவுக்கு 2009இல முகாமில இருக்கேக்க தொடங்கின டயசிபாம் 5 மில்லிகிராம், இரவில ஒண்டு. போன மாதம் பாமசியில முடிஞ்சு போச்சு. மூண்டு நாள் நல்லா இருந்தா. நாலாம் நாள் தொடக்கம் நித்திரை இல்லை, நெஞ்சு படபடப்பு, சின்னச் சத்தத்துக்கும் திடுக்கிடுறா. பழைய நினைவுகள் திரும்பி வருகுதோ?

நினைவுகளும் இருக்கலாம், அதை நான் மறுக்க மாட்டேன். ஆனால் மூன்று நாள் நல்லாய் இருந்து நாலாம் நாள் தொடங்கியதைப் பாருங்கோ. டயசிபாம் உடம்பில் பாதியாகக் குறையவே ஒன்றிரண்டு நாள் எடுக்கும், வயது போனவர்களில் இன்னும் கூட. அது உடைந்து வரும் பொருளும் அதே வேலையைச் செய்யும், அது இன்னும் மெதுவாகப் போகும். சாராயம் மாலைக்குள் விட்டுப்போவது போல இது போகாது. அதனால் குழப்பமும் பிந்தித்தான் வரும். இத்தனை வருசம் குளிசையோடு பழகிய வாங்கிகள் இப்போது காபாவுக்குச் சோம்பலாகப் பதில் சொல்கின்றன.

முதலில் டொக்டரிடம் காட்டி, பழைய அளவை மீண்டும் தொடங்குவதா என்று கேளுங்கோ. பிறகு குறைக்கலாம். 2 மில்லிகிராம் குளிசையும் இருப்பதால் 5இலிருந்து 4, பிறகு 3 என்று, ஒவ்வொரு படியிலும் இரண்டு தொடக்கம் நாலு கிழமை நின்று இறங்கலாம். கடைசி 2 மில்லிகிராம்தான் கஷ்டம், அங்கே அரை மில்லிகிராமாக இறங்கினாலும் பரவாயில்லை. ஒரு படியில் படபடப்பு வந்தால் அங்கேயே கொஞ்சம் நிற்கலாம். குறைக்கத்தான் வேணுமா என்றால், இரவில் எழும்பி நடக்கும் முதியவருக்கு விழுந்து இடுப்பெலும்பு முறியும் பயம் இருக்கிறது. ஆனால் முடிவு அம்மாவினதும் டொக்டரினதும்.

கிளிநொச்சி, பெயர் வேண்டாம்: பயம் மட்டும் போக, நித்திரை வரவைக்காத குளிசை ஒண்டும் இல்லையா?

எலிகளில் வழி தெரிந்தது. வாங்கியின் அல்பா துண்டில் அல்பா ஒன்று, அல்பா இரண்டு என்று வகைகள் உண்டு. 1999, 2000 அளவில் சூரிச்சில் அல்பா துண்டின் ஒரேயொரு அமினோ அமிலத்தை மாற்றிப் பார்த்தார்கள். அல்பா ஒன்றில் மாற்றினால் டயசிபாம் கொடுத்தும் எலி மந்தமாகவில்லை, பயம் மட்டும் குறைந்தது. அல்பா இரண்டில் மாற்றினால் பயம் குறையவில்லை. அப்படியானால் அல்பா இரண்டை மட்டும் பிடிக்கும் மருந்து போதுமே என்று பல கம்பனிகள் முயன்றன. மனிதரில் அது நினைத்தபடி அமையவில்லை.

வவுனியா, தாதிய மாணவி (மீண்டும்): டயசிபாமுக்கு புளுமசெனில் மாற்றுமருந்து எண்டு படிச்சம். குளிசை கூடக் குடிச்சு வாற எல்லாருக்கும் ஏன் அதைப் போடுறதில்லை?

அது டயசிபாம் இருக்கும் அதே அல்பா–காமா இடத்தில் போய் இருந்து அதைத் தள்ளிவிடும். அந்த நெடுங்கேணி அம்மாவைப் போல வருசக்கணக்காக எடுத்தவருக்கு அதைப் போட்டால், நாலு நாளில் வந்த குழப்பம் ஒரு நிமிடத்தில் வரும், வலிப்போடு. வலிப்பை உண்டாக்கும் வேறு குளிசையும் சேர்த்துக் குடித்திருந்தாலும் அதே பயம். அப்புறம், புளுமசெனில் ஒரு மணித்தியாலம் அளவில் பாதியாகிவிடும், டயசிபாம் உள்ளேயே இருக்கும். எழும்பி இருந்து கதைத்தவர் பிறகு திரும்ப மயங்குவார். போட்டால் கட்டிலருகே ஆள் நிற்க வேணும். பெரும்பாலும் அதைப் போடாமல், சுவாசத்தைப் பார்த்துக்கொண்டு மருந்து தானாக இறங்க விடுவார்கள்.