டி.எல்.சி.ஓ. குறைந்தால் காற்றுப்பைகளுக்கு என்ன ஆகியிருக்கும்?

“தண்டையார்பேட்டையில் இருக்கிறோம். அப்பாவுக்கு வயது 58, பீடிப் பழக்கம் உண்டு. ஊதும் சோதனை சரியாக இருக்கிறது, டி.எல்.சி.ஓ. மட்டும் எதிர்பார்க்கும் அளவில் 48 விழுக்காடு. ஹீமோகுளோபின் 9. பயப்பட வேண்டுமா?”

ஐயா, ஊதும் சோதனை மூச்சுக்குழாய்களில் காற்று ஓடும் வேகத்தையும் அளவையும் மட்டுமே காட்டும். காற்றுப்பையிலிருந்து இரத்தத்துக்குள் வாயு கடக்கும் திறனைப் பார்க்கும் டி.எல்.சி.ஓ. சோதனையிலோ, சுமார் 0.3 விழுக்காடு கார்பன் மோனாக்சைடு கலந்த காற்றை இழுத்து 10 விநாடி அடக்கி வெளியிடும்போது, அவ்வாயு எவ்வளவு குறைந்திருக்கிறது என்று அளக்கிறார்கள். ஹீமோகுளோபின் அதை உடனே பற்றிக்கொள்வதால், இரத்தத்துக்குள் சென்ற அளவு காற்றுப்பைச் சுவரின் பரப்பையும் தடிமனையும், அங்குள்ள நுண்குழாய் இரத்தத்தையும் பொறுத்தது.

ஆகவே முதலில் இரத்தசோகையைக் கழிக்க வேண்டும். ஆண்களுக்கான திருத்தத்தின்படி, ஹீமோகுளோபின் 9 என்றால் அளவை ஏறக்குறைய 1.26 ஆல் பெருக்க வேண்டும். 48 என்பது 60 ஆகிவிடும். அறிக்கையில் இத்திருத்தம் ஏற்கெனவே செய்யப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். சோதனையன்று பீடி பிடித்திருந்தாலும் அளவு குறைவாகவே வரும்.

இருப்பினும் 60 என்பதும் குறைவுதான். புகைப்பவருக்குச் சுவர்கள் அழிந்து பரப்புச் சுருங்கும் எம்பிசீமாவும், சுவர் தடிக்கும் நுரையீரல் தழும்பும் சேர்ந்தே வரலாம். ஒன்றின் விளைவை மற்றது ஈடுசெய்வதால் ஊதும் சோதனை சரியாகத் தோன்றும். நுரையீரல் இரத்தக்குழாய் நோயும் இப்படிக் காட்டலாம். ஸ்டான்லி மருத்துவமனையின் நெஞ்சகப் பிரிவில் அறிக்கையைக் காட்டி, நுண்பிரிப்பு சி.டி. ஸ்கேனும் இதய எக்கோவும் தேவையா என்று கேளுங்கள்.