ஒரே கல், இரண்டு அடர்த்தி: படத்தில் எங்கே பிசகுகிறது?

கேள்வி: என் மகன் படிவம் ஒன்று. ஆற்றில் எடுத்த சின்னக் கல், எடை 21.6 கிராம். அளவு உருளையைப் படம் பிடித்தான். கல் போடும் முன் 50 மில்லிலிட்டர், போட்ட பின் 58.5. அடர்த்தி 2.54 வருகிறது. அதே கல்லை அவன் நண்பன் படம் எடுத்துக் கணக்குப் போட்டால் 2.7. யார் சொல்வது சரி?

பதில்:

நண்பனுடையதுதான். கணக்கில் ஒன்றும் தப்பில்லை, உங்கள் இரண்டாவது படம்தான் சரியில்லை. பேரா மாநிலம் சுங்கை சிப்புட்டில் டியூஷன் எடுக்கிறேன். பிள்ளைகள் அனுப்பும் படங்களில் பாதி இப்படித்தான் வரும்.

நீங்கள் இணைத்த படங்களைப் பெரிதாக்கிப் பாருங்கள். முதல் படத்தில் 50-ஆம் கோடு நேராக இருக்கிறது. இரண்டாவதில் கோடுகள் லேசாகச் சிரித்த வாய் மாதிரி வளைந்திருக்கின்றன. நீர்ப்பரப்பும் ஒற்றைக் கோடாக இல்லாமல் மெல்லிய நீள்வட்டமாகத் தெரிகிறது. கைப்பேசி நீர்மட்டத்துக்கு மேலே இருந்திருக்கிறது என்று அர்த்தம்.

கோடுகள் உருளையின் முன்பக்கக் கண்ணாடியில் இருக்கின்றன. நாம் பார்க்க வேண்டிய நீர்ப்பிறையின், அதாவது பிறைபோல் குழிந்த நீர்ப்பரப்பின், அடிப்பகுதியோ அதற்குப் பின்னால், உருளையின் நடுவில் இருக்கிறது. 100 மில்லிலிட்டர் உருளை என்றால் இடைவெளி ஏறக்குறைய 1.3 சென்டிமீட்டர். மேலிருந்து சாய்வாகப் பார்க்கும்போது பார்வை உண்மையான மட்டத்தைவிட உயர்ந்த கோட்டைக் கடந்துதான் நீரைத் தொடும். அதனால் அளவு கூடிப்போகும். அரை மில்லிலிட்டர் என்பது அந்த உருளையில் ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் உயரம்தான். 30 சென்டிமீட்டர் தள்ளி வைத்த கைப்பேசி 2 சென்டிமீட்டர் சொச்சம் உயர்ந்தாலே அவ்வளவு பிசகிவிடும்.

கைப்பேசியை ஒரே இடத்தில் அசையாமல் நிறுத்தி இரண்டு படமும் எடுத்தால் சரியாகிவிடும் என்று சிலர் நினைக்கிறார்கள். கல் விழுந்ததும் நீர் ஒன்றரை சென்டிமீட்டர் ஏறுகிறதே! இப்போது கைப்பேசி கீழிருந்து பார்க்கும், அளவு குறையும். ஆகவே நோட்டுப் புத்தகங்களை அடுக்கி அதன்மேல் கைப்பேசியை வையுங்கள். இரண்டாவது படத்துக்கு அடுக்கை நீர் ஏறிய அளவுக்கு உயர்த்துங்கள். கல்லைத் தையல் நூலில் கட்டி மெதுவாக இறக்குவது நல்லது. கல்லில் காற்றுக்குமிழ் ஒட்டியிருந்தால் நூலை ஆட்டி உதறிவிட்டுத்தான் படம் எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் குமிழின் பருமனும் கல்லோடு சேர்ந்துவிடும்.

படத்தில் இன்னொரு வசதியும் உண்டு. கோடுகளுக்கு நடுவில் ஊகிக்க வேண்டாம், திரையில் அடிக்கோல் வைத்தே அளக்கலாம். 50-க்கும் 60-க்கும் இடையே 80 மில்லிமீட்டர், 50-இலிருந்து பிறையின் அடிவரை 64 மில்லிமீட்டர் என்றால், நீர் ஏறியது 8.0 மில்லிலிட்டர். அப்புறம் 21.6 ÷ 8.0 = 2.7 கிராம்/செ.மீ³.

2.70 என்று மட்டும் எழுதவிடாதீர்கள். ஒவ்வொரு அளவிலும் 0.2 மில்லிலிட்டர் பிசகினால்கூட விடை 2.6 முதல் 2.8 வரை போகும். அதே ஆற்றில் ஒரே வகையான நாலைந்து கற்களை ஒன்றாக எடைபோட்டு ஒன்றாக உருளையில் போட்டால் அந்த இடைவெளி சுருங்கும்.

பையன் அடுத்து “இது என்ன கல்?” என்று கேட்பான். கருங்கல்லும் சுண்ணாம்புக் கல்லும் இரண்டுமே 2.7-ஐ ஒட்டித்தான் இருக்கும், பேராவில் இரண்டுமே உண்டு. அடர்த்தியை வைத்து அதைப் பிரிக்க முடியாது. கல்லில் ஒரு சொட்டு வினிகர் விட்டுப் பாருங்கள். நுரைத்தால் சுண்ணாம்புக் கல்.