கன்சீலர் ஏன் சாம்பலாகத் தெரிகிறது?

"தம்பி கல்யாணத்துல இணைச்சீர் செய்யறது நான்தானுங்க. எனக்கு நல்ல கருப்பு நிறம். கண்ணுக்குக் கீழே கன்சீலர் போட்டா, கருவளையம் மறையாம சாம்பல் பூசுன மாதிரி தெரியுது. ஆரஞ்சு கலர் கரெக்டர் போடச் சொல்றாங்க. அதை எப்படிப் போடறதுங்க?"
- வாசகி, கோபிசெட்டிபாளையம்

பெரும்பாலான கன்சீலர்களில் டைட்டானியம் டை ஆக்சைடு என்னும் வெண்ணிற நிறமி சேர்ந்திருக்கிறது. நிறம் வெளிராக ஆக அதன் அளவும் பொதுவாகக் கூடும். இந்த வெண்மை கருத்த பரப்பின் மேல் மெல்லிய படலமாகப் படியும்போது நீலம் கலந்த சாம்பலாகத்தான் கண்ணுக்குத் தெரியும். மறையவில்லையே என்று அதைவிட வெளிர் நிறத்தை மேலும் பூசினால் சாம்பல் கூடுமே தவிரக் குறையாது. நீலத்துக்கு எதிர்நிறமான ஆரஞ்சை முதலில் அடியில் இட்டுவிட்டால் அந்த நீலச்சாயல் அடங்கி, பழுப்பு நிறம் மேலெழும். அதன்பின் சிறிதளவு கன்சீலரே போதுமானதாகிவிடும்.

வாங்குவதற்கு முன் ஒன்றைச் சோதித்துக்கொள்ளுங்கள். கண்ணாடியைக் கையில் பிடித்து, சன்னலை நோக்கி நின்று, முகத்தைச் சற்று மேலே தூக்கிப் பாருங்கள். கருமை அப்படியே இருந்தால் அது சருமத்தின் நிறம். கரெக்டர் அதற்கு உதவும். வெளிச்சம் நேராக விழுந்தவுடன் பெருமளவு மறைந்துவிட்டால் அது கண்ணடிப் பள்ளத்தின் நிழல். எந்த நிறத்தைப் பூசினாலும் நிழல் முழுதும் போகாது. பலருக்கு இரண்டும் கலந்தே இருக்கும்.

கரெக்டரின் நிறத்தில்தான் பலரும் தவறுகிறார்கள். கடைகளில் எளிதாகக் கிடைக்கும் பீச் நிறம் வெளுத்த சருமத்துக்கும் இளம் மாநிறத்துக்கும் உரியது. உங்கள் நிறத்தில் அதுவே வெளிராகி, மீண்டும் சாம்பலில் கொண்டுபோய் நிறுத்தும். நன்கு பழுத்த பப்பாளிச் சதையின் ஆரஞ்சை ஒத்ததைத் தேடுங்கள். கருவளையம் மிகவும் அடர்ந்திருந்தால் செங்கல் சிவப்பு வரை போகலாம். கோவை கிராஸ்கட் ரோட்டில் வாங்கினாலும் உள்ளூரிலேயே வாங்கினாலும், கடையின் வெள்ளை விளக்கை நம்பாமல், கண்ணுக்குக் கீழே ஒரு புள்ளி தடவிக்கொண்டு வெளியே பகல் வெளிச்சத்துக்கு வந்து பாருங்கள். தடவிய இடம் கன்னத்தைவிட வெளிறித் தெரிந்தால் அந்த நிறம் வேண்டாம். கன்னத்தின் பழுப்போடு லேசான செம்மை கலந்து தெரிந்தால் அதுவே சரி.

பூசும் நாளில், முந்தைய நாள் கண்மையின் மிச்சத்தை எண்ணெய் தொட்ட பஞ்சால் முதலில் நீக்கிவிடுங்கள். கீழ் இமையில் தங்கும் மையும் கருவளையமாகவே தெரியும். மாய்ஸ்சரைசரை மெல்லத் தடவி, அது உள்ளே இறங்க ஐந்து நிமிடம் விடுங்கள். பிறகு ஒரு கண்ணுக்கு அரை அரிசி அளவு கரெக்டரை மோதிர விரலில் எடுத்து, மூக்கை ஒட்டிய உள்மூலையிலும் பள்ளத்தின் கோட்டிலும், அதாவது கருமை மிக அடர்ந்த இடத்தில் மட்டும், ஒற்றி ஒற்றி வையுங்கள். இழுத்துத் தேய்த்தால் கரெக்டர் கருமையை விட்டு நகர்ந்து நல்ல சருமத்தில் படிந்துவிடும். ஒரு நிமிடம் ஆறவிட்டு, கன்னத்தின் நிறத்துக்கே பொருந்திய கன்சீலரை அதே அளவு எடுத்து, ஈர ஸ்பாஞ்சால் மேலே அழுத்தி அழுத்தி வையுங்கள். கண்ணடி பளிச்சென்று தெரிய வேண்டுமென்றால் ஒரு படி வெளிர் நிறம் போதும். இரண்டு மூன்று படி வெளிர் நிறம் உங்களுக்கு ஆகாது.

இதற்குப் பிறகும் ஏதேனும் குறை தெரிந்தால், அதன் நிறமே காரணத்தைச் சொல்லிவிடும். ஆரஞ்சு மேலே எட்டிப் பார்த்தால் கரெக்டர் அதிகமாகிவிட்டது. மேலும் கன்சீலர் போடாமல், வெறும் ஸ்பாஞ்சால் ஒற்றிக் கொஞ்சம் எடுத்துவிடுங்கள். சாம்பல் தெரிந்தால் கரெக்டர் போதவில்லை, அல்லது கன்சீலர் வெளிராக இருக்கிறது. கண்ணடியில் வெண்படலம் விடும் சன்ஸ்கிரீன் இருந்தாலும் இதே சாம்பல் வரும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. கோடு கோடாக மடிந்தால் படலம் தடித்துவிட்டது என்று பொருள்; நம் பக்கத்துக் கோடை வியர்வையில் இது விரைவில் நேரும்.

இறுதியாகப் பவுடர். வெள்ளையாகத் தெரியும் பவுடரைத் தவிர்த்து, உங்கள் நிறத்துக்கு நெருங்கிய பழுப்புப் பவுடரைத் தூரிகையின் நுனியில் மிகக் குறைவாகத் தொட்டு வையுங்கள். இணைச்சீரிலும் முகூர்த்தத்திலும் ஃபிளாஷ் விழுந்துகொண்டே இருக்கும்; அறையில் சரியாகத் தெரிந்த பவுடர் படத்தில் கண்ணடியில் வெள்ளைத் திட்டாக விழலாம். ஆகவே கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்பே முழு அலங்காரமும் செய்து, அரை மணி நேரம் விட்டு, இருட்டறையில் ஃபிளாஷ் போட்டு ஒரு படமும் பகல் வெளிச்சத்தில் ஒரு படமும் எடுத்துப் பாருங்கள். அரை மணி காத்திருக்கச் சொல்வது, சில கன்சீலர்கள் காற்றுப்பட்டு ஒரு படி கருத்துவிடும் என்பதால்தான். உங்களுடையது அப்படிக் கருத்தால் அடுத்த வெளிர் நிறத்துக்கு மாற்றிக்கொள்ள அப்போதும் நாள் இருக்கும்.